பெயரை அழித்தால் போதுமா?

ஒரு மருத்துவமனையில் ஊழியர்களிடம் கருத்துக் கேட்டதாக வைத்துக்கொள்வோம். 'வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா?' என்ற கடைசிக் கேள்விக்கு 140 பேர் எழுதியிருக்கிறார்கள். இதை அறிக்கைக்காகச் சுருக்க வேண்டும். எழுதியவர் யார் என்று தெரியாதபடி சில கருத்துகளை மேற்கோளாகவும் காட்ட வேண்டும்.

சட்டென்று தோன்றும் வழி, எக்செல்லில் சொல்லைத் தேடி எண்ணுவது.

```
=COUNTIF(B2:B141,"*ஷிப்ட்*")
```

31 என்று வருகிறது. திறந்து படித்தால், அதில் நாலு பேர் 'ஷிப்ட்டில் குறை ஒன்றுமில்லை' என்கிறார்கள். 'ரோஸ்டர்', 'நைட் டியூட்டி' என்று எழுதிப் புலம்பிய 18 பேர் கணக்கிலேயே இல்லை. உண்மையான எண்ணிக்கை 45.

கையால் பிரிப்பதற்கு ஒரு நாள் போகும். முதல் 40 கருத்துகளைப் படித்து ஏழெட்டுத் தலைப்புகள் போட்டு, ஒவ்வொன்றிலும் எது சேரும், எது சேராது என்று ஒரு வரி எழுதிக்கொள்ள வேண்டும். அப்புறம் எக்செல்லில் தலைப்புக்கு ஒரு நெடுவரிசை ஒதுக்கி, பொருந்தும் இடத்தில் 1 போட்டுக்கொண்டே போகலாம். ஒருவரே ஷிப்ட்டையும் சம்பளத்தையும் பற்றி எழுதியிருப்பார் என்பதால் கூட்டுத்தொகை 140-ஐத் தாண்டும், அது தப்பில்லை. அறிக்கையில் 'கருத்து எழுதிய 140 பேரில் 45 பேர்' என்று போடுங்கள். எழுதாதவர்களின் மனசு நமக்குத் தெரியாது, அதனால் 'ஊழியர்களில் இத்தனை சதவீதம்' என்று நீட்ட வேண்டாம். என் ஓட்டு கைவழிக்குத்தான். சொல் தேடலைக் கடைசியில், எதையாவது விட்டுவிட்டோமா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்வேன்.

மேற்கோளில்தான் சிக்கல். ஒரு கருத்து இப்படி இருக்கிறது: 'டயாலிசிஸ் மெஷின் கெட்டுப்போன அன்றைக்கு ராத்திரி இரண்டு மணிக்கு வந்தேன். மறுநாள் லீவு கேட்டால் ____ மேடம் முறைக்கிறார்.' பெயரை அழித்தாயிற்று. ஆனால் அந்த ராத்திரி வந்தது யார் என்று அந்தப் பிரிவுக்கே தெரியும். முறைத்தவருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

மெஷினை எடுத்துவிட்டு வாக்கியத்தை மாற்றி எழுதலாம். ஆனால் அது இனி அவர் சொன்னது இல்லை. மேற்கோள் குறிக்குள் போடக்கூடாது. இருவர் சொன்னதை ஒட்டவைத்து ஒருவர் பேசியதுபோலக் காட்டுவதும் அதே தப்பு. நான் அந்தக் கருத்தை எண்ணிக்கையில் மட்டும் சேர்த்துவிட்டு, வேறொன்றைத் தேடுவேன்: 'நைட் முடிஞ்ச மறுநாளே பகல் டியூட்டி போடாதீங்க.' இதை அந்த 45 பேரில் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். குறைந்தது ஐந்து பேராவது எழுதியிருக்க முடியுமா என்பதுதான் நான் வைக்கும் சோதனை. அப்படி ஒன்றும் கிடைக்காத தலைப்புக்கு மேற்கோளே வேண்டாம்.

இத்தனையும் பார்த்துவிட்டு, மேற்கோளுக்குக் கீழே 'செவிலியர், டயாலிசிஸ் பிரிவு, 11 ஆண்டுகள்' என்று பலர் அச்சடித்துவிடுகிறார்கள். அந்தப் பிரிவில் 11 ஆண்டு ஆனவர் ஒரே ஒருவராக இருப்பார்.