3000 மி.மீ. டென்ட் வாங்கப் போகிறீர்களா? முதலில் தையலைப் பாருங்கள்

போன அக்டோபரில் 4,800 ரூபாய் கொடுத்து ஆன்லைனில் ஒரு டென்ட் வாங்கினேன். விளம்பரத்தில் ‘3000 மி.மீ. மழையைத் தாங்கும்’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது. சென்னையில் வருஷம் முழுக்கப் பெய்வதே சுமார் 1400 மி.மீ. தானே, அப்படியென்றால் இரண்டு வருஷ மழையைத் தாங்குமே என்று நம்பிவிட்டேன். ஏமாந்தது அங்கேதான்.

கொடைக்கானலைத் தாண்டி மன்னவனூர் பக்கம், தெரிந்தவர் தோட்டத்தில் டென்ட் அடித்தோம். ராத்திரி பத்து மணிக்கு மழை பிடித்தது. பதினோரு மணிக்கெல்லாம் நெற்றியில் சொட்டு. டார்ச் அடித்துப் பார்த்தால், மேல்விரிப்பின் நடுத் தையலை ஒட்டி வரிசையாக முத்து கோத்த மாதிரி நீர்த்துளிகள். நம் மூச்சுக்காற்றின் ஈரம் குளிர்ந்து படிந்தது என்றால் உள்பக்கம் முழுக்கப் பனி மாதிரி பூத்திருக்கும். இது தையல் போன வழியில் மட்டும் இருந்தது. நண்பன் துண்டை மடித்துக் கீழே வைத்துவிட்டு, “மச்சான், இது டென்ட் இல்லடா, வடிகட்டி” என்றான்.

ஊர் திரும்பிப் புகார் அனுப்பினேன். துணியின் சோதனை அறிக்கையை அனுப்பி, ‘துணி 3000 மி.மீ. தான், நீங்கள் சரியாகக் கட்டவில்லை’ என்று பதில் வந்தது. திருப்பி அனுப்பும் ஏழு நாள் கெடுவும் முடிந்திருந்தது.

சரி, அந்த 3000 எதைச் சொல்கிறது என்று அப்புறம்தான் தேடிப் படித்தேன். மழையளவுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. ஒரு துண்டுத் துணியை இறுக்கிப் பிடித்து, அதன் வெளிப்பக்கத்தில் தண்ணீரின் அழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றுவார்கள். மறுபக்கத்தில் மூன்றாவது இடத்தில் துளி எட்டிப்பார்க்கும்போது அழுத்தம் எத்தனை மி.மீ. உயரத் தண்ணீருக்குச் சமமோ, அதுதான் அந்த எண். சோதிப்பது பெரும்பாலும் புதுத் துணியை. அதில் தையல் இருக்காது.

வீட்டிலேயே செய்து பார்த்தேன். ஐந்தடி நீளத்தில் ஒரு இரண்டு அங்குல பி.வி.சி. குழாய். மேல்விரிப்பின் தையல் இல்லாத இடத்தை, வெளிப்பக்கம் தண்ணீரைப் பார்க்கும்படி குழாயின் அடிவாயில் போர்த்தி, பழைய சைக்கிள் ட்யூபை வெட்டி இறுக்கிச் சுற்றினேன். மாடிப்படியில் குழாயை நிமிர்த்திப் பிடித்து மேலே இருந்து தண்ணீர் ஊற்றினேன். மூன்று லிட்டர் போதும். குழாய் எவ்வளவு அகலம் என்பது கணக்கில்லை, உயரம்தான் கணக்கு. விளிம்பு வரை நிரம்பியது, அதாவது 1500 மி.மீ. அரை மணி நேரம் ஒரு சொட்டு இல்லை. நியாயமாகச் சொன்னால், துணியைப் பற்றி அவர்கள் சொன்னது பொய்யில்லை போல.

அடுத்து நடுத் தையல் குழாய் வாயின் மத்தியில் வரும்படி கட்டினேன். ஒரு சாண் உயரம் ஏறுவதற்குள் ஊசித் துளைகளில் ஒழுக ஆரம்பித்தது. கைக்கணக்கில் 200 மி.மீ. இருக்கும். டென்ட்டின் உண்மையான எண் அதுதான்.

நல்ல டென்ட்டில் உள்பக்கத் தையல் மேல் கண்ணாடி மாதிரி ஒரு பட்டையைச் சூடாக்கி ஒட்டியிருப்பார்கள். விரலால் தடவினாலே தெரியும். என்னுடையதில் வெறும் நூல்தான். பார்சல் வந்த அன்றே மொட்டைமாடியில் கட்டி, தோட்டக் குழாயால் பத்து நிமிடம் தண்ணீர் அடித்திருந்தால் கெடு முடிவதற்குள் பணத்தைத் திரும்ப வாங்கியிருக்கலாம்.

தரையும் நனைந்தது, ஆனால் அது வேறு கதை. ஒரு சதுர செ.மீ. மேல் ஒரு கிலோ பாரம் என்பது 10,000 மி.மீ. தண்ணீருக்குச் சமம். நான் முட்டி போட்டு உட்கார்ந்தால் முட்டிகளில் மட்டும் 40 கிலோ இறங்கும் என்று வையுங்கள். இரண்டு முட்டியும் தரையில் படும் இடம் 80 சதுர செ.மீ. என்றால் அழுத்தம் 5000 மி.மீ. வந்துவிடும். கீழே ஈரச் சேறு இருந்தால் 3000 தரைக்கு அது தாங்காது. அடியில் ஒரு தார்ப்பாய், மேலே பாய் என்று விரித்தால் பிரச்சினை பாதியாகும். தார்ப்பாய் டென்ட்டுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது, மழைத் தண்ணீரை அதுவே ஏந்தி உள்ளே கொண்டுவரும்.

மழைக்கோட்டிலும் இதே விஷயம்தான். முதுகுப்பை வார் தோளில் அழுந்தும் இடத்தில்தான் முதலில் கசியும். பட்டை ஒட்டியிருக்கிறதா என்று அங்கே பாருங்கள். சிலர் முக்கியமான தையல்களுக்கு மட்டும் ஒட்டிவிட்டு, மற்றதை விட்டுவிடுகிறார்கள்.

என் டென்ட்டைத் தூக்கிப் போடவில்லை. அதன் உள்பூச்சு பாலியூரித்தேன் என்பதால் அதற்கான தையல் பசையை வாங்கி, இரண்டு நாள் உட்கார்ந்து பூசினேன். சிலிக்கான் பூச்சுத் துணிக்கு இந்தப் பசை பிடிக்காது, அதற்குச் சிலிக்கான் பசைதான். காய்ந்த பிறகு அதே தையலைக் குழாயில் கட்டினேன். குழாய் விளிம்பு வரை நின்றது. விற்றவரின் பக்கத்தில் ‘3000 மி.மீ. மழை’ இன்னும் அப்படியேதான் இருக்கிறது.