2016 = 100: 2.74-ஆல் வகுப்பதா, 2.88-ஆல் வகுப்பதா?

டெல்லியில் ஆர்.கே.புரம் பக்கம் வசிக்கும் தமிழர்களில் மத்திய அரசு ஊழியர்களும் ஓய்வூதியர்களும் ஏராளம். மாதக் கடைசியில் லேபர் பீரோ தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டை வெளியிட்டதுமே அடுத்த அகவிலைப்படி எவ்வளவு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார்கள். அந்த வட்டத்துக்காக நான் ஒரு எக்செல் ஷீட் வைத்திருக்கிறேன். 2010 முதல் இன்றுவரை ஒரே வரிசை, 2016-இன் சராசரி 100. ஏழாவது ஊதியக் குழுவின் சம்பளம் 1.1.2016 முதல் கணக்கு என்பதால், அந்த ஆண்டிலிருந்து விலை எவ்வளவு ஏறியது என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்று கேட்டார்கள்.

கேட்க எளிதாக இருக்கிறது. ஒரு வரிசையை வேறு அடிப்படை ஆண்டுக்கு மாற்றுவது வெறும் வகுத்தல்தானே: அந்த ஆண்டின் பன்னிரண்டு மாதச் சராசரியால் எல்லா எண்களையும் வகுத்து நூறால் பெருக்கினால் முடிந்தது. எல்லா எண்களும் ஒரே விகிதத்தில் மாறுவதால் சதவீத ஏற்ற இறக்கம் எதுவும் மாறாது. இதில் யாருக்கும் சண்டையில்லை. ஒரு மாதத்தை மட்டும் நூறாக வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம் என்பேன். 2016-லேயே பிப்ரவரி 267, ஜூலை 280. எந்த மாதத்தைப் பிடிக்கிறோமோ அதைப் பொறுத்து மொத்த வரிசையும் ஐந்து சதவீதம் வரை ஏறி இறங்கும்.

சிக்கல் எங்கே என்றால், நம்மிடம் இருப்பது ஒரு வரிசை அல்ல, இரண்டு. 2001-ஐ நூறாகக் கொண்ட பழைய வரிசை 2020 ஆகஸ்டில் 338 என்ற எண்ணோடு நின்றுவிட்டது. 2016-ஐ நூறாகக் கொண்ட புதிய வரிசை 2020 செப்டம்பரில் 118.1 என்று தொடங்கியது. இரண்டையும் ஒட்ட லேபர் பீரோ கொடுத்த இணைப்புக் காரணி 2.88. புதிய எண்ணை 2.88-ஆல் பெருக்கினால் பழைய அளவுக்கு வந்துவிடும்.

இப்போது பழைய வரிசையின் 2016 எண்களைக் கூட்டிப் பாருங்கள். ஜனவரி 269-இல் தொடங்கி டிசம்பர் 275 வரை மொத்தம் 3292, சராசரி 274.33. அதாவது பழைய வரிசையில் 2016-ஐ நூறாக்க 2.7433-ஆல் வகுக்க வேண்டும். அதிகாரபூர்வக் காரணியோ 2.88. இரண்டுக்கும் ஐந்து சதவீதம் இடைவெளி. ஷீட் போடுகிறவர் எந்த எண்ணைப் பிடிக்கிறார் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது.

முதல் வழி, பழைய வரிசையை 2.7433-ஆல் வகுத்துவிட்டு, 2020 செப்டம்பரிலிருந்து வெளியான எண்களை அப்படியே கீழே ஒட்டுவது. இரண்டு பக்கமும் 2016 = 100 என்பதால் முறை நேர்மையாகத் தோன்றும். ஆனால் ஒட்டும் மாதத்தைப் பார்த்தால் கதை கந்தலாகிவிடும். ஆகஸ்ட் 123.2, செப்டம்பர் 118.1. ஒரே மாதத்தில் விலைவாசி நான்கு சதவீதம் சரிந்ததாக வரைபடம் சொல்லும். ஆண்டுப் பணவீக்கம் இன்னும் மோசம். 2019 செப்டம்பர் எண் 322. அதை 2.7433-ஆல் வகுத்தால் 117.4. அதோடு 118.1-ஐ ஒப்பிட்டால் ஓராண்டில் 0.6 சதவீத ஏற்றம். உண்மையில் 118.1-ஐ 2.88-ஆல் பெருக்கி 340.1 ஆக்கி, 322-உடன் ஒப்பிட்டால் வருவது 5.6 சதவீதம். அதற்கு முந்தைய மாதத்திலும் பணவீக்கம் 5.6-தான். ஒரு ஷீட்டைச் சோதிக்க எனக்குத் தெரிந்த வேகமான வழி இதுதான்: ஒட்டிய இடத்துக்கு முன்னும் பின்னும் ஆண்டுப் பணவீக்கத்தைப் பாருங்கள். ஒட்டிய மாதத்தில் விழுந்து, பன்னிரண்டு மாதம் அப்படியே கிடந்து, பிறகு திடீரென்று எழுந்தால் அது விலைவாசி செய்த வேலை அல்ல, ஷீட் செய்த வேலை.

இரண்டாவது வழி, பழைய வரிசை முழுவதையும் 2.88-ஆல் வகுத்துப் புதிய அளவுக்குக் கொண்டுவருவது. ஆகஸ்ட் 117.4, செப்டம்பர் 118.1. ஒட்டு தெரியாது. வெளியாகும் எண்ணை மாதாமாதம் அப்படியே தட்டச்சு செய்தால் போதும் என்பது பெரிய வசதி. அகவிலைப்படி கணக்கும் சரியாகவே வரும். ஆனால் 2016-இன் சராசரி 274.33-ஐ 2.88-ஆல் வகுத்தால் 95.3. தலைப்பில் 2016 = 100, உள்ளே 2016-க்கு 95. எங்கள் வட்டத்தில் தணிக்கைத் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் இந்த மாதிரி ஒரு ஷீட்டைப் பார்த்ததும், "ஏன் சார், நூறுன்னு போட்டுட்டு நூறு எங்கேன்னு தேட விடறீங்க?" என்று கேட்டுவிட்டார். கேள்வி நியாயமானது. 118.1-ஐப் பார்ப்பவர் 2016-இலிருந்து 18 சதவீதம் ஏறியது என்று படிப்பார். அதே அட்டவணையின் 2016 வரியிலிருந்து கணக்கிட்டால் 24 சதவீதம் வரும்.

நான் தேர்ந்தெடுத்தது மூன்றாவது வழி: முதலில் இணைப்பு, பிறகுதான் அடிப்படை மாற்றம். புதிய எண்களை 2.88-ஆல் பெருக்கி, 2001 அளவில் ஒரே நீண்ட வரிசை ஒன்றை ஒரு பத்தியில் தயாரிக்கிறேன். அதன் பிறகு, எந்த ஆண்டு நூறாக வேண்டுமோ அந்த ஆண்டின் சராசரியால் அந்தப் பத்தியை வகுக்கிறேன். ஏ பத்தியில் ஆண்டு, சி பத்தியில் இணைத்த வரிசை என்றால் சூத்திரம் இவ்வளவுதான்:

```
=C2/AVERAGEIFS(C:C,A:A,2016)*100
```

2016 சரியாக 100 ஆகிறது. ஆகஸ்ட் 123.2, செப்டம்பர் 124.0, குதிப்பு இல்லை. நாளைக்கு யாராவது 2012-ஐ நூறாக்கிக் கேட்டால் அந்த ஒரு எண்ணை மாற்றினால் போதும், இணைப்பைத் தொட வேண்டியதில்லை. ஒரே குறை, என் ஷீட்டில் 2020 செப்டம்பர் 124.0 என்று இருக்கும், லேபர் பீரோவின் அறிக்கையில் 118.1 என்று இருக்கும். இதற்காக வெளியான எண்ணைத் தனிப் பத்தியில் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். தலைப்பில் "2016 = 100, இணைத்த வரிசை" என்றும் எழுதிவிட்டேன்.

சரி, 2.74 எப்படி 2.88 ஆயிற்று? நான் மூன்றாவது வழிக்குப் போனதற்கே காரணம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன். பழைய வரிசையின் கூடை, அதாவது விலை பார்க்கும் பொருட்களின் பட்டியல், 1999-2000-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பை வைத்துக் கட்டியது. அதில் உணவுக்கு 46.2 சதவீத எடை. புதிய கூடையில் அது 39.17-ஆகக் குறைந்தது. மருத்துவம், படிப்பு, போக்குவரத்து போன்றவை அடங்கிய பிரிவு 23.26-இலிருந்து 30.31-ஆக உயர்ந்தது. விலை சேகரிக்கும் மையங்களும் 78-இலிருந்து 88 ஆயின. கூடை வேறு, ஊர்கள் வேறு என்றால் இரண்டு வரிசைகளும் ஒரே வேகத்தில் ஏறாது. 2016 சராசரியிலிருந்து 2020 ஆகஸ்ட் வரை பழைய வரிசை 23 சதவீதம் ஏறியது. புதியது, 2016 அதற்கு நூறு என்பதால், செப்டம்பர் வரை 18 சதவீதம்தான் ஏறியிருக்கிறது. இரண்டையும் 2016-இலேயே இணைத்திருந்தால் காரணி 2.74 ஆகியிருக்கும். 2020-ஐ ஒட்டி இணைத்ததால் அந்த நான்கு ஆண்டுக்கு மேற்பட்ட இடைவெளியும் காரணிக்குள் போய் அது 2.88 ஆயிற்று. அதாவது 2020 வரை பழைய கூடை அளந்த ஏற்றம் செல்லும், அதற்குப் பிறகு புதிய கூடை அளப்பது செல்லும்.

பணத்தில் இது என்ன ஆகும் என்று பார்த்துவிடலாம். 2024-இன் பன்னிரண்டு மாதச் சராசரி 141.58. 2.88-ஆல் பெருக்கினால் 407.76. ஏழாவது ஊதியக் குழுவுக்கான அடிப்படை எண் 261.42. அதற்கு மேல் ஏற்றம் 55.98 சதவீதம். பின்னத்தை விட்டுவிடுவார்கள் என்பதால் 2025 ஜனவரி முதல் அகவிலைப்படி 55. அறிவித்ததும் அதேதான். முதல் வழிக்காரர் 2.7433-ஆல் பெருக்கியிருந்தால் 388.4, ஏற்றம் 48.57, படி 48. ஐம்பதாயிரம் அடிப்படைச் சம்பளத்தில் மாதம் 3,500 ரூபாய் வித்தியாசம்! இரண்டாவது, மூன்றாவது வழிகள் இரண்டுமே 55.98-ஐத்தான் கொடுக்கும். விகிதத்தில் அவற்றுக்குள் வேறுபாடு இல்லை. அகவிலைப்படி மட்டும் போதும் என்பவருக்கு இரண்டாவது வழியே தாராளமாகப் போதும். 2016-இலிருந்து ஏற்றம் எவ்வளவு என்று வரைபடத்தில் காட்ட வேண்டியவர்தான் மூன்றாவதுக்கு வர வேண்டும்.

எந்த வழியானாலும் முழு எண்ணாக்குவதை மட்டும் கடைசிவரை தள்ளிப்போடுங்கள். பழைய வரிசை ஏற்கெனவே தசமம் இல்லாமல் வெளியானது. 2016 பிப்ரவரி 267, மார்ச் 268, ஏற்றம் 0.37 சதவீதம். அடிப்படை மாற்றினால் 97.33, 97.69. இவற்றை 97, 98 என்று ஆக்கிவிட்டால் அதே ஏற்றம் ஒரு சதவீதத்துக்கு மேல் தெரியும். அதனால் சராசரியையும் 274.33 என்று தட்டச்சு செய்யாமல் சூத்திரத்திலேயே விட்டிருக்கிறேன்.

இன்னும் பின்னால் போகிறவர்களுக்கு இதே கதை இன்னொரு முறை வரும். 1982 வரிசையிலிருந்து 2001 வரிசைக்கு இணைப்புக் காரணி 4.63. ஆறாவது ஊதியக் குழுக் காலத்தில் எல்லோரும் மனப்பாடமாகச் சொல்லும் 115.76 என்ற எண் எங்கிருந்து வந்தது என்றால், பழைய 536-ஐ 4.63-ஆல் வகுத்தது. அப்போதும் இணைப்புதான் செல்லுபடியானது.

நான் செய்து பார்த்தது அகில இந்தியப் பொதுக் குறியீட்டை மட்டும். டெல்லி மையத்தின் குறியீட்டை வைத்து யாராவது ஷீட் போடுவதாக இருந்தால் 2.88-ஐத் தொட வேண்டாம். ஒவ்வொரு மையத்துக்கும் தனிக் காரணி உண்டு. உணவு, வீடு என்று பிரிவுவாரியாக இணைத்து நான் பழகியதில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம்: பிரிவுகளைத் தனித்தனிக் காரணியால் இணைத்து எடை போட்டுக் கூட்டினால், பொதுக் குறியீட்டை இணைத்து வரும் எண்ணோடு அது ஒட்டாது. பொதுக் குறியீட்டைத் தனியாகவே இணைத்து வைத்துக்கொள்ளுங்கள்.