625 மாத்திரை முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்த காமாலை: சீட்டில்லாமல் கொடுக்கும் மெடிக்கல், கேள்வி கேட்காத கிளினிக்

அப்பாவுக்கு 68 வயது. கடைவாய்ப்பல் பிடுங்கியதும் பல் மருத்துவர் 625 என்கிற ஆன்டிபயாடிக் மாத்திரையை ஐந்து நாளுக்கு எழுதிக் கொடுத்தார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. வீக்கம் முழுதாக வடியவில்லையே என்று அப்பா தெருமுனை மெடிக்கலில் கேட்க, அவர்கள் சீட்டு எதுவும் பார்க்காமல் அதே மாத்திரையை இன்னும் பத்து நாளுக்குக் கொடுத்துவிட்டார்கள். "ஒன்னும் செய்யாது சார்" என்று வேறு சொல்லியிருக்கிறார்கள். மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத ஷெட்யூல் எச் மருந்து அது.

மாத்திரை தீர்ந்து இரண்டு வாரம் போல ஆகியிருக்கும். முதலில் உள்ளங்கையிலும் காலிலும் அரிப்பு, ராத்திரியில் தூக்கமே இல்லை. அப்புறம் சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனது, மலம் வெளுத்தது, கண் மஞ்சளானது. பக்கத்துக் கிளினிக்கில் பார்த்தவர் வைரஸ் காமாலை என்றார். இதற்கு முன் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒரு கல்லீரல் சிரப் எழுதினார். தொண்டைக் கரகரப்புக்கென்று ஒரு ஆன்டிபயாடிக்கும் எழுதினார். அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அமாக்சிசிலின் 500, கிளாவுலனிக் அமிலம் 125. வேறு கம்பெனிப் பெயரில் அதே 625! அதைப் போடவிடாமல் கல்லீரல் சிறப்பு மருத்துவரிடம் அழைத்துப் போனோம்.

அவர் கேட்ட முதல் கேள்வியே கடந்த இரண்டு மாதத்தில் சாப்பிட்ட மருந்துகளைப் பற்றித்தான். மஞ்சள் நிறத்துக்குக் காரணமான பிலிருபின் 9.4 இருந்தது. கல்லீரல் செல் சிதைவைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி 130, அதாவது மேல்வரம்பான 40ஐப் போல மூன்றேகால் மடங்கு. பித்தம் தேங்கினால் ஏறும் ஆல்கலைன் பாஸ்பேட்டேஸ் 410, அதன் மேல்வரம்பு 120, ஆக அதுவும் ஏறக்குறைய மூன்றரை மடங்கு. முதல் மடங்கை இரண்டாவதால் வகுத்து ஒன்றுக்குப் பக்கத்தில் வருகிறது என்று காட்டினார். இரண்டுக்குக் கீழே வந்தால் பித்தம் தேங்கும் வகை, ஐந்துக்கு மேல் போனால் கல்லீரல் செல்லே நேரடியாகச் சிதையும் வகை. வைரஸ் காமாலையில் பெரும்பாலும் எஸ்.ஜி.பி.டி பல நூறு, ஆயிரம் என்று எகிறும். இருந்தாலும் ஊகத்தில் விடவில்லை. ஸ்கேனில் பித்தக்குழாய் அடைப்போ கல்லோ இல்லை, ஹெபடைடிஸ் ஏ, பி, சி, இ சோதனைகளும் நெகட்டிவ் என்று பார்த்த பிறகுதான் மருந்தால் வந்தது என்றார். இதற்கென்று தனி ரத்தப் பரிசோதனை கிடையாது. மற்றதையெல்லாம் விலக்கித்தான் இந்த முடிவுக்கு வர முடியும்.

நிறுத்திய மாத்திரை எப்படி இப்போது வேலை செய்யும் என்று அப்பாவுக்கு நம்பிக்கை வரவில்லை. மருந்து ஒரு நாளுக்குள் உடம்பைவிட்டு வெளியேறிவிடும், உண்மைதான். ஆனால் இது பாராசிட்டமால் அளவு மீறினால் வரும் நேரடி நச்சு மாதிரி இல்லை. மருந்தின் துணுக்கு, பெரும்பாலும் கிளாவுலனிக் அமிலத்தினுடையது, கல்லீரல் புரதத்தோடு ஒட்டிக்கொள்ள, சிலருடைய நோய் எதிர்ப்பு அணுக்கள் அதை அந்நியனாக எடுத்துக்கொள்வதாகக் கருதப்படுகிறது. அந்த அணுக்கள் பெருகி, பித்தக்குழாய்ப் பக்கம் தாக்கி, பித்தம் தேங்கி, கண்ணில் மஞ்சள் தெரிவதற்கு வாரங்கள் ஆகும். அதனால்தான் மாத்திரையைத் தொடங்கி எட்டு வாரம் வரைகூட இது தலைகாட்டலாம். பலருக்கும் கோர்ஸ் முடிந்த பிறகே வருகிறது.

எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. ஐஸ்லாந்தில் 2013இல் வெளியான ஆய்வில், இந்த மருந்தை எடுத்த சுமார் 2,350 பேரில் ஒருவருக்கு இப்படி ஆனது. அறுபதைத் தொட்டவர்கள், அதிலும் ஆண்கள், நீண்ட நாள் அல்லது அடுத்தடுத்து கோர்ஸ் எடுப்பவர்கள், இவர்களுக்கு வாய்ப்பு அதிகம். நோய் எதிர்ப்போடு தொடர்புடைய சில எச்.எல்.ஏ மரபணு வகைகளும் காரணம் என்று தெரிந்திருக்கிறது, ஆனால் மாத்திரை தருமுன் அதைப் பார்க்கும் வழக்கம் இல்லை. தனி அமாக்சிசிலினால் இது அரிது.

அப்பாவுக்குச் சிகிச்சை என்று பெரிதாக ஒன்றுமில்லை. மருந்தைத் தொடாமல் இருப்பது, அரிப்புக்கு மருந்து, வாராவாரம் ரத்தப் பரிசோதனை. ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர் ஏறினாலோ மனக்குழப்பம் வந்தாலோ உடனே அட்மிட் செய்யச் சொல்லியிருந்தார், அப்படி நேரவில்லை. உறவினர்கள் கீழாநெல்லி கொண்டுவந்தார்கள், இன்னொன்றைச் சேர்த்துக் குழப்ப வேண்டாம் என்று மறுத்துவிட்டோம். மஞ்சள் மெதுவாகத்தான் இறங்கியது. பாஸ்பேட்டேஸ் இன்னும் வரம்புக்குள் வரவில்லை.

மறுபடி இதையே கொடுத்தால் சீக்கிரமாகவும் கடுமையாகவும் திரும்பலாம், அதனால் வாழ்நாள் முழுக்கத் தவிர்க்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பிராண்டு பெயர் ஏராளம் என்பதால் அப்பாவின் சட்டைப்பை அட்டையில் 'அமாக்சிசிலின் - கிளாவுலனிக் அமிலம்' என்று மருந்தின் பெயரையே எழுதி வைத்திருக்கிறோம். அந்த மெடிக்கலில் போய்க் கேட்டபோது, "அஞ்சு நாளோட நிறுத்தியிருந்தா மட்டும் வராதா?" என்றார்கள். பில்லும் தரவில்லை.