கெரியர் ஃபெயார்ல கதைச்ச மிஸ்ஸுக்கு எதில எழுதுறது: வாட்ஸ்அப்பா, லிங்க்ட்இன்னா, மெயிலா?

போன மாசம் ஒரு சனிக்கிழமை திருகோணமலை டவுன்ல நடந்த கெரியர் ஃபெயாருக்கு சித்தியின்ட மகள் போயிட்டு வந்து, ராவு எட்டு மணி போல எனக்கு மூண்டு ஸ்கிரீன்ஷொட் அனுப்பினவள். ஒண்டு வாட்ஸ்அப், ஒண்டு லிங்க்ட்இன், மற்றது மெயில். மூண்டும் எழுதி வச்சிருக்கிறாள், ஒண்டும் அனுப்பேல்ல. "அண்ணா, எதை அனுப்பட்டும்? மூண்டையும் அனுப்பினா கூடிப்போயிருமோ?"

என்னட்ட ஏன் கேட்டவள் எண்டா, நான் முந்தி நாலு வருசம் நிலாவெளிப் பக்கம் ஒரு ஹோட்டல்ல எச்ஆர்ல இருந்தனான், இதே மாதிரி மேசைக்குப் பின்னால குந்தி இருந்து சீவி வாங்கினவன்.

விசயம் இதுதான். அவள் கோணேசபுரி கெம்பஸ்ல பிசினஸ் முடிச்சவள், ஏஏடி எக்கவுண்டிங் கோர்ஸும் செய்திருக்கிறாள். கொழும்பில இருந்து வந்த ஒரு ஹோட்டல் குரூப்பின்ட எச்ஆர் மிஸ்ஸோட ஒரு ஆறேழு நிமிசம் கதைச்சிருக்கிறாள். எக்கவுண்ட்ஸ் ட்ரெய்னிக்குத்தான் கேட்டவள். மிஸ் கதையோட கதையா "நைட் ஓடிட் எண்டா என்னண்டு தெரியுமா?" எண்டு கேட்டிருக்கிறா, இவள் "வடிவாத் தெரியாது மிஸ்" எண்டு உண்மையச் சொல்லியிருக்கிறாள், மிஸ் சிரிச்சிட்டு விசிட்டிங் கார்ட் ஒண்டைக் குடுத்து அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டா. கார்ட்ல மெயிலும் இருக்கு, மொபைல் நம்பரும் அடிச்சிருக்கு.

முதல்ல வாட்ஸ்அப். இவள் எழுதினது: "ஹாய் மிஸ், நான் இண்டைக்கு ஃபெயார்ல மீட் பண்ணின ஆள், டைம் தந்ததுக்கு தேங்க்ஸ், ஏதும் வேக்கன்சி இருந்தா சொல்லுங்கோ". அதோட சீவியைப் படம் எடுத்து ரெண்டு ஃபோட்டோவா.

வாட்ஸ்அப்பில நல்லது ஒண்டு இருக்கு, மறுக்கேலாது. எங்கட நாட்டில எச்ஆர் ஆக்கள் இன்டர்வியூ டைம் சொல்றதே கனபேர் அதிலதான், பதிலும் கெதியா வரும். ஆனா மிஸ்ஸின்ட பக்கத்தில இருந்து பாருங்கோ. சேவ் பண்ணாத நம்பர், பேர் விளங்காது, டிபியில யாரோ ஒரு கலியாண வீட்டில பத்துப் பேர் நிண்ட குரூப் ஃபோட்டோ, "இண்டைக்கு மீட் பண்ணின ஆள்" எண்டா அண்டைக்கு மட்டும் நூறு பேர் மீட் பண்ணியிருப்பினம். ஃபோட்டோவா அனுப்பின சீவி வாட்ஸ்அப் அமுக்கி அனுப்பிறதால எழுத்துக் கலங்கும், பிரிண்ட் எடுத்தா வாசிக்கேலாது. அனுப்பிறதெண்டா டொக்கியுமென்ட்டா பிடிஎஃபை அனுப்பவேணும், அப்பதான் ஃபைல் பேரும் அப்படியே போகும்.

இன்னொண்டு, சனி பின்னேரம் ஃபெயார் முடிய அந்த டீம் வேன்ல ஏறிரும். இங்க இருந்து கொழும்புக்கு 260 கிலோமீட்டர் கிட்ட, ஹபரண, தம்புள்ள எண்டு போய்ச் சேர ஒரு ஆறு மணித்தியாலம். அலுத்துப்போய் இருக்கிற ஆள் அந்த நேரம் உங்கட மெசேஜைத் திறந்து பாப்பா, நீல டிக் விழும், பிறகு பதில் போடுவம் எண்டு நினைப்பா, அவ்வளவுதான், அதுக்கு மேல ஆயிரம் மெசேஜ் வந்து கீழ போயிரும். இவள் இங்க நீல டிக்கைப் பாத்து நித்திரை கொள்ளாம இருப்பாள். அந்த நம்பரை அவவா எழுதித் தந்து "இதுக்குப் போடுங்கோ" எண்டு சொன்னா வாட்ஸ்அப்தான் முதல் இடம், அதில எனக்கு ரெண்டாம் பேச்சே இல்ல. கார்ட்ல அடிச்சிருக்கு எண்டதுக்காக மட்டும் நான் போடமாட்டன்.

அடுத்தது லிங்க்ட்இன். இதில இவள் ஒரு பெரிய பந்தி எழுதி வச்சிருந்தவள், ஆனா காசு கட்டாத எக்கவுண்ட்ல கனெக்ட் ரிக்வெஸ்ட்டோட போடுற நோட்டுக்கு 200 எழுத்துத்தான் இடம், அதுவும் மாசத்துக்கு ஒரு சில நோட்தான் விடும். இங்கிலீசில 200 எழுத்து எண்டா முப்பது முப்பத்தஞ்சு சொல்லு. பேர், எங்க சந்திச்சம், எந்த வேலை, இந்த மூண்டையும் எழுதவே இடம் முடிஞ்சிரும். அதைவிட மோசம், ஃபோன்ல Connect எண்டதை அமத்தினா நோட் கேக்காமலே ரிக்வெஸ்ட் போறது உண்டு, நோட் போடவேணும் எண்டா அவவின்ட ப்ரொஃபைலுக்குப் போய் மூண்டு புள்ளியை அமத்தித் தேடவேணும். போனது போனதுதான், திருப்பி எடுத்திட்டு நோட்டோட அனுப்புவம் எண்டா அதே ஆளுக்கு மூண்டு கிழமை வரைக்கும் திரும்ப அனுப்ப விடாது.

எண்டாலும் லிங்க்ட்இன்னில ஒரு லாபம் இருக்கு. அந்த மிஸ் நாளைக்கு வேற கம்பனிக்கு மாறினாலும் உங்கட தொடர்பு அவவோடயே போகும், மெயில் அட்ரஸ் அந்தக் கம்பனியோட செத்துரும். எச்ஆர் ஆக்கள் அடிக்கடி மாறுறவை, அதால இது சின்ன விசயம் இல்ல. ஆனா இந்த மாசத்து வேலைக்கு அது உதவாது.

இப்ப மெயில். நான் இதுதான் எண்டு சொன்னன், காரணம் ஒண்டே ஒண்டுதான்: எக்கவுண்ட்ஸ் ட்ரெய்னியை எடுக்கிறது எச்ஆர் மிஸ் இல்ல, ஃபைனான்ஸ் மேனேஜர். எச்ஆர் செய்யிறது நல்லதாப் பொறுக்கி அவருக்குத் தள்ளுறது. நாங்கள் அப்ப ஒரு ஃபெயார்ல இருந்து வந்தா சீவிக் கட்டு ஒரு மட்டைப் பெட்டிக்குள்ள வரும், ஒவ்வொண்டின்ட மூலையிலயும் பென்சிலால ஏதும் கிறுக்கியிருப்பம், "எக்கவு., இங்கிலீஸ் ஓகே, கிண்ணியா" எண்டு. திங்கள் காலமை அதை எக்செல்ல ஏத்துவம். அந்த நேரம் இன்பொக்ஸ்ல அதே பேரில ஒரு மெயில் கிடந்தா, போர்வர்ட் அமத்தி மேல ஒரு வரி போட்டா வேலை முடிஞ்சுது. வாட்ஸ்அப் மெசேஜை ஒரு மேனேஜருக்கு அப்பிடி அனுப்ப எனக்கே கூச்சமா இருக்கும், லிங்க்ட்இன் நோட்டை எங்க அனுப்புறது?

ஆனா இவள் எழுதின மெயில் சரியில்ல. சப்ஜெக்ட் "நன்றி". உள்ளுக்க "உங்களைச் சந்தித்ததில் மிக்க மகிழ்ச்சி, உங்கள் நிறுவனத்தில் இணைய ஆவலாக உள்ளேன்" மாதிரி நாலு வரி. இதை எந்தக் கம்பனிக்கும் பேரை மாத்தி அனுப்பலாம், நாங்கள் அதைத் திறந்து ரெண்டு செக்கனில மூடுவம். நான் கேட்டன், "மிஸ் உன்னட்டக் கேட்ட கேள்விக்குப் பதில் எங்க?" எண்டு. அவள் "அது சும்மா கேட்டது அண்ணா" எண்டாள். சும்மா இல்ல. அவ மறக்காம இருக்கிறதுக்கு இருக்கிற ஒரே கொளுக்கி அதுதான். தெரியாது எண்டு சொன்ன பிள்ளை ரெண்டு நாளில தேடிப் படிச்சிட்டு வந்திருக்கு எண்டா அது வேற கதை.

அண்டு ராவே இருந்து பாத்தம். ஹோட்டல்ல நாள் முடியிறது மணிக்கூட்டில இல்ல, நைட் ஓடிட்டில. எல்லா அறைக்கும் அண்டைய வாடகையையும் வரியையும் ஏத்தி, ரெஸ்டோரன்ட், பார் பில்லுகள் ஃப்ரண்ட் ஒஃபிஸ் கணக்கோட ஒத்துப்போகுதோ எண்டு பாத்து, காசு, கார்ட் எல்லாம் சரிபாத்து, பிறகுதான் சிஸ்டத்தில திகதியை அடுத்த நாளுக்கு மாத்துறது. இவள் டவுன்ல ஒரு கடையில ஆறு மாசம் ட்ரெய்னிங்ல இருந்தவள், தினமும் கடை பூட்ட முதல் கல்லாக் காசையும் கார்ட் மெசின் ரிப்போட்டையும் பில்லோட ஒப்பிட்டது இவள்தான். சீவியில அதை ஒரு வரியாக்கூடப் போடேல்ல பாருங்கோ.

இங்கிலீசில அனுப்பினதை இங்க தமிழில போடுறன். சப்ஜெக்ட்: "எக்கவுண்ட்ஸ் ட்ரெய்னி, திருகோணமலை ஃபெயார், நைட் ஓடிட் கேள்வி". ஃபோன்ல சப்ஜெக்ட்டின்ட முன்பாதிதான் தெரியும், அதால வேலையின்ட பேரை முன்னுக்குப் போட்டம்.

"வணக்கம் மிஸ். சனிக்கிழமை திருகோணமலை ஃபெயார்ல எக்கவுண்ட்ஸ் ட்ரெய்னி பற்றி உங்களோட கதைச்சன். நைட் ஓடிட் தெரியுமா எண்டு கேட்டீங்கள், தெரியாது எண்டு சொன்னன். அதுக்குப் பிறகு படிச்சுப் பாத்தன். நான் ட்ரெய்னிங் செய்த கடையில ஆறு மாசம் ஒவ்வொரு நாளும் கல்லாவையும் கார்ட் ரிப்போட்டையும் பில்லோட ஒப்பிட்டு மூடினது நான்தான், அந்த வேலையின்ட பெரிய வடிவம்தான் இது எண்டு விளங்குது. ராவு ஷிஃப்ட் செய்ய ஏலும், மே மாசம் முதலாம் திகதியில இருந்து வரலாம். உங்கட ஒன்லைன் ஃபோர்மை நிரப்பிட்டன், சீவி இணைச்சிருக்கு."

ஃபோர்ம் கதையைச் சொல்லவேணும். மேசையில கியூஆர் ஒண்டு ஒட்டியிருந்ததாம், இவள் "சீவி கையில குடுத்தன்தானே" எண்டு விட்டுட்டாள். கனகம்பனியில அந்த ஃபோர்ம்ல பேர் இல்லாட்டி மெயில் எவ்வளவு வடிவா இருந்தாலும் இன்டர்வியூ லிஸ்ட்டுக்கு ஏறாது. நல்லவேளை கியூஆரை ஃபோட்டோ எடுத்து வச்சிருந்தவள். ஞாயிறு காலமை முதல் வேலை அதுதான்.

சீவி ஃபைல் பேர் CV_final_new2.pdf எண்டு இருந்தது, அதைத் தன்ர பேரும் வேலையின்ட பேரும் வாறமாதிரி மாத்தினவள். சேர்ட்டிஃபிகேட் எல்லாத்தையும் ஃபோன்ல ஸ்கேன் பண்ணிப் பதினெட்டு எம்பிக்கு ஒரு ஃபைல் வச்சிருந்தாள், அதை எடுப்பிச்சுப்போட்டன். சில கம்பனி மெயில் பெரிய ஃபைலைத் திருப்பி அனுப்பும், அதோட ஓஎல் ரிசல்ட்டை இப்ப ஒருத்தரும் கேக்கேல்ல.

நேரம்: ஜீமெயில்ல Schedule send போட்டு திங்கள் காலமை ஏழரைக்கு வச்சம். திங்கள் போயாவா இருந்திருந்தா செவ்வாய்க்கு வச்சிருப்பம். ஏழு முப்பத்தொண்டுக்கு இவள் கோல் எடுத்துக் கத்துறாள், Mail Delivery Subsystem எண்டு ஏதோ வந்திருக்காம். கார்ட்ல சின்ன எல் எழுத்தை இவள் ஒண்டு எண்டு வாசிச்சு அடிச்சிருக்கிறாள். அப்பிடி ஒரு மெயில் உடன வந்தா பயப்பிடாதீங்கோ, கூடுதலா அட்ரஸ் பிழை எண்டுதான் அர்த்தம், திருத்தி அனுப்பினாச் சரி. வாட்ஸ்அப்பிலயோ லிங்க்ட்இன்னிலயோ பிழையான ஆளுக்குப் போனா அந்த ஆளா சொன்னாத்தான் உண்டு, இல்லாத அட்ரஸ் எண்டா மெயில் தானாத் திருப்பிச் சொல்லும், அதுக்கு ஒரு தனி மார்க்.

பதில் இல்லாட்டி எட்டு வேலை நாள் விட்டு அதே மெயிலுக்குக் கீழயே ரெண்டு வரி, ஒரு தரம்தான், அதுக்கு மேல இல்ல எண்டு பேசி வச்சிருந்தம். தேவைப்படேல்ல. புதன் பின்னேரம் ஃபைனான்ஸ் மேனேஜரிட்ட இருந்தே வந்தது, மிஸ்ஸுக்கு சீசி போட்டு. எக்கவுண்ட்ஸ் ட்ரெய்னி இடம் நிரம்பிட்டாம், நிலாவெளி ஹோட்டல்ல சீசனுக்கு நைட் ஓடிட்டுக்கு ஒரு ஆள் தேவையாம், ஒரிஜினல் சேர்ட்டிஃபிகேட்டோட வெள்ளி பத்து மணிக்கு வரட்டாம். ராவு வேலைக்குப் போறதுக்குச் சித்தி இன்னும் ஓம் எண்டு சொல்லேல்ல, அது வேற பிரச்சினை.

லிங்க்ட்இன் ரிக்வெஸ்ட்டை இவள் எனக்குச் சொல்லாம அண்டு ராவே நோட் இல்லாமத் தட்டி விட்டிருக்கிறாள். அது இன்னும் பெண்டிங்ல கிடக்கு.