97 காட்டிய இரவும் 84 காட்டிய இரவும்: குழந்தைக்கு ஆக்சிமீட்டர் பயன்படுத்திய அனுபவம்

என் மகனுக்குச் சளி பிடித்தால் மூக்கோடு நிற்காது, நெஞ்சில் இறங்கி இழுப்பாக மாறிவிடும். கைக்குழந்தையாக இருந்ததிலிருந்தே இப்படித்தான். அதனால் விரலில் மாட்டினால் ரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவைச் சதவீதமாகக் காட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் எங்கள் வீட்டில் தெர்மாமீட்டருக்குப் பக்கத்திலேயே பல வருடங்களாக இருக்கிறது. "வாங்கலாமா?" என்று கேட்பவர்களிடம், அடிக்கடி இழுப்பு வரும் குழந்தை என்றால் வாங்கலாம் என்றுதான் சொல்வேன். ஆனால் முதலில் குழந்தையைப் பார்க்க வேண்டும், அப்புறம்தான் எண்ணை. கருவி 84 காட்டியபோது பயப்பட ஒன்றுமில்லாமல் இருந்ததும், 97 காட்டியபோது அவசரமாக மருத்துவமனைக்குத் தூக்கிப் போனதும் இதே பிள்ளையைத்தான்.

84 கதையை முதலில் சொல்கிறேன். ஜுரம் ஏறிக்கொண்டிருந்த நேரம். உடம்பு குளிரில் வெடவெடவென்று நடுங்குகிறது, கையும் காலும் சில்லென்று இருக்கின்றன. ஆள்காட்டி விரலில் கிளிப்பை மாட்டினால் 84. ஆனால் பையன் அழாமல், மூச்சு வாங்காமல், போர்வை கேட்டுப் பேசிக்கொண்டிருந்தான். திரையில் SpO2 என்ற ஆக்சிஜன் எண்ணுக்குப் பக்கத்தில் PR என்று நாடித்துடிப்பு வரும் இல்லையா, அதில் 61. நடுங்கும் குழந்தைக்கு 61 எப்படி இருக்கும்? நெஞ்சில் கை வைத்து 15 விநாடி எண்ணினேன், 34 துடிப்பு. நிமிடத்துக்கு 136. அப்படியென்றால் கருவி நாடியையே பிடிக்கவில்லை. நாடியைப் பிடிக்காத கருவி சொல்லும் ஆக்சிஜன் அளவுக்கு ஒரு பொருளும் கிடையாது. கையை என் உள்ளங்கைக்குள் வைத்துச் சூடாக்கி, கட்டை விரலில் மாற்றி மாட்டி, கையை மெத்தையில் அசையாமல் பிடித்துக்கொண்டேன். ஒரு நிமிடம் போனதும் 97, PR 138.

ஏன் இப்படி எண்பதுகளில் போய் நிற்கிறது என்பதற்குக் காரணம் கருவி வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. அது விரல் வழியாகச் சிவப்பு ஒளியையும், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியையும் மாறி மாறி அனுப்புகிறது. ஆக்சிஜன் ஏற்றிய ரத்தமும் ஏற்றாத ரத்தமும் இந்த இரண்டையும் வெவ்வேறு அளவில் உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் ஏறி இறங்கும் பகுதியை மட்டும் பிரித்தெடுத்து, இரண்டு ஒளிக்கும் உள்ள விகிதத்தைப் பார்த்து, தன்னிடம் உள்ள அட்டவணைப்படி சதவீதத்தைச் சொல்கிறது. விரல் ஆடினால் இரண்டு ஒளியும் ஒரே மாதிரி ஏறி இறங்கும், விகிதம் ஒன்றை நெருங்கும். அட்டவணையில் ஒன்றுக்கு நேரே இருப்பது சுமார் 85! துள்ளும் குழந்தைக்கு 83, 86 என்று வந்தால் நான் முதலில் சந்தேகப்படுவது கிளிப்பைத்தான்.

சின்ன விரலிலும் இதே தொல்லை உண்டு. கடையில் கிடைக்கும் கிளிப்புகளில் பெரும்பாலானவை பெரியவர் விரலுக்கானவை. குழந்தையின் விரல் அதற்குள் தொளதொளவென்று இருக்கும், ஒளி விரலுக்குள் போகாமல் ஓரமாகக் கசிந்து மறுபக்கம் போய்விடும். மூன்று நான்கு வயதுப் பிள்ளைக்குக் கை கட்டை விரலோ கால் பெருவிரலோ ஓரளவு பொருந்தும். கைக்குழந்தைக்கு அதுவும் பொருந்தாது. அவர்களுக்குப் பாதத்தில் சுற்றி ஒட்டும் சென்சார்தான் வேண்டும். வயதுக்குப் பொருந்தாத கிளிப்பை வைத்துக் கைக்குழந்தைக்கு எடுக்கும் ரீடிங்கை நான் கணக்கிலேயே எடுப்பதில்லை. இன்னொன்று, பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையின் விரலை நாம் எதிர்ப்பக்கத்திலிருந்து பார்க்கும்போது திரை தலைகீழாக இருக்கலாம். அந்தக் கட்டம் கட்டமான எண்களில் 98 தலைகீழாக 86 என்று தெரியும். இருட்டில், தூக்கக் கலக்கத்தில் அதைப் பார்த்தால் யாருக்கும் ஈரக்குலை நடுங்கும். SpO2 என்ற எழுத்து நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எண்ணைப் படியுங்கள்.

சரி, நாடி ஒத்துப்போகிறது, திரையில் நாடித்துடிப்பைக் காட்டும் அலைக்கோடு ஒரே சீராக ஏறி இறங்குகிறது, எண் அரை நிமிடமாவது ஆடாமல் நிற்கிறது. இப்போது அந்த எண்ணுக்கு என்ன பொருள்? கடல் மட்டத்துக்குப் பக்கத்தில் வசிக்கும் குழந்தைக்கு 95 முதல் 100 வரை இயல்பு. உயரமான மலைப்பகுதிகளில் இயல்பே இதைவிடக் குறைவு. 92-க்குக் கீழே நிஜமாகவே நின்றால் அன்றே, அப்போதே மருத்துவரிடம் காட்ட வேண்டும். 90-க்குக் கீழே என்றால் ஆக்சிஜன் கொடுக்க வேண்டிய நிலை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 92-க்கும் 95-க்கும் நடுவில்தான் குழப்பம், ஏனென்றால் நல்ல கருவிக்கே இரண்டு மூன்று புள்ளி முன்பின் இருக்கும். 94 என்பது 92 ஆகவும் இருக்கலாம், 96 ஆகவும் இருக்கலாம். அதனால் ஒற்றை ரீடிங்கைவிட அது போகும் திசையைத்தான் நான் பார்ப்பேன். மத்தியானம் 98, சாயங்காலம் 96, ராத்திரி 93 என்று ஒரே விரலில், ஒரே கருவியில் இறங்கினால், 93 "பரவாயில்லை" என்ற எண்ணாகவே இருந்தாலும் நான் காத்திருக்க மாட்டேன். ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும் விதம் அப்படி. மேலே இருக்கும்போது நுரையீரல் நிறையக் கெட்டாலும் எண் கொஞ்சம்தான் இறங்கும். 90-ஐத் தாண்டிவிட்டால் மளமளவென்று சரியும்.

97 கதையும் இதையேதான் சொல்கிறது. அப்போது அவனுக்கு நான்கு வயது. இரண்டு நாளாகச் சளி, அன்று சாயங்காலத்திலிருந்து இருமல். ராத்திரி கிளிப் மாட்டினால் 97, நாடியும் சரியாக ஒத்துப்போனது. எண்ணை மட்டும் பார்த்திருந்தால் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்திருக்கலாம். ஆனால் "தண்ணி... வேணும்" என்று இரண்டு சொல்லுக்கு நடுவில் ஒரு மூச்சு எடுத்தான். சட்டையைக் கழற்றிப் பார்த்தால், ஒவ்வொரு முறை மூச்சு உள்ளே போகும்போதும் விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தது, மூக்கு விடைத்தது. முழுசாக ஒரு நிமிடம் எண்ணினேன், 52 மூச்சு. ஒரு வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் குழந்தை அமைதியாக இருக்கும்போது 40 அல்லது அதற்கு மேல் மூச்சு விட்டால் அது வேக மூச்சு. இரண்டு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் என்றால் 50, இரண்டு மாதத்துக்குக் கீழே 60.

மருத்துவமனையில் நெபுலைசர் வைத்தார்கள். நான் 97 இருந்ததே என்று கேட்டபோது அந்த டாக்டர் சொன்னது: "97-ஐக் காப்பாத்த அவன் எவ்வளவு உழைக்கிறான் பாருங்க. அந்த உழைப்பை இந்த மெஷின் அளக்காது. அவன் களைச்சுப் போனப்புறம்தான் நம்பர் விழும்." முதல் நெபுலைசேஷன் முடிந்ததும் இன்னொன்று நடந்தது. குழி விழுவது குறைந்து, மூச்சு 40-க்கு வந்து, பையன் முழு வாக்கியமாகப் பேச ஆரம்பித்தான். திரையில் மட்டும் 94! மருந்து நுரையீரலின் ரத்தக்குழாய்களையும் விரிக்கும். காற்று இன்னும் சரியாகப் போகாத பகுதிகளுக்கும் ரத்தம் பாய்வதால் கொஞ்ச நேரம் எண் இறங்கலாம் என்று விளக்கினார். பிள்ளை தேறுகிறான், எண் இறங்குகிறது. சில மணி நேரத்தில் எண்ணும் மேலே வந்தது. வீட்டில் மருந்து கொடுத்தவுடனே கிளிப்பை மாட்டிப் பார்த்துக் கலங்கும் பெற்றோருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

எண் உண்மையைவிட அதிகமாகக் காட்டும் சந்தர்ப்பங்களும் உண்டு. தோல் கறுப்பாக இருந்தால் கருவி ஓரிரு புள்ளி கூட்டிக் காட்டக்கூடும். 2020-இல் அமெரிக்காவில் வெளிவந்த ஓர் ஆய்வில், கருவி 92 முதல் 96 வரை காட்டிய பெரியவர்களின் தமனி ரத்தத்தை எடுத்துச் சோதித்தபோது, உண்மை அளவு 88-க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் நூற்றுக்குச் சுமார் 4 பேர், கறுப்பினத்தவரில் சுமார் 12 பேர். எங்கள் வீட்டுப் பிள்ளை நல்ல கறுப்பு. அதனால் அவனுக்கு 93 என்றால் நான் அதை 93-ஐவிடக் கொஞ்சம் தாழ்வாகவே எடுத்துக்கொள்வேன். அப்புறம், புகை சூழ்ந்த அறையிலிருந்து தூக்கி வந்த குழந்தைக்கு இந்தக் கருவியே கூடாது. கார்பன் மோனாக்சைடு ஏறிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ஏறிய ரத்தமாகவே எண்ணி 99 காட்டும்.

ராத்திரி முழுக்க மாட்டி வைப்பதை நான் நிறுத்திவிட்டேன். தூங்கும் குழந்தைக்கு, அதுவும் சளி பிடித்த குழந்தைக்கு, எண் கொஞ்ச நேரம் இறங்கித் தானாக ஏறுவது சகஜம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தால் பெற்றோருக்குத் தூக்கம் போகும், பிள்ளையையும் எழுப்பிவிடுவோம். மருத்துவர்களையே இந்த எண் எவ்வளவு ஆட்டிவைக்கிறது என்பதற்கு 2014-இல் டொரண்டோவில் நடந்த ஒரு சோதனை போதும். நுரையீரலின் நுண்ணிய மூச்சுக்குழல்களில் அழற்சியோடு வந்த கைக்குழந்தைகளில் ஒரு பாதிக்கு, மருத்துவருக்குத் தெரியாமல், கருவி உண்மையைவிட 3 புள்ளி அதிகமாகக் காட்டும்படி வைத்தார்கள். உண்மை எண்ணைக் காட்டிய குழுவில் நூற்றுக்கு 41 குழந்தைகள் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள், கூட்டிக் காட்டிய குழுவில் 25. கூட்டிக் காட்டியதால் அந்தக் குழந்தைகளுக்குக் கெடுதல் வந்ததாகத் தெரியவில்லை. அவையெல்லாம் லேசான, நடுத்தரமான நோய் உள்ள குழந்தைகள் என்பதை மறக்கக் கூடாது. பிறவி இதயக் கோளாறு உள்ள குழந்தை, குறைமாதக் குழந்தை, வீட்டில் ஆக்சிஜன் வைத்திருக்கும் குழந்தை ஆகியோருக்கு நான் எழுதிய எண்கள் பொருந்தா. அவர்களுக்கு எது இயல்பு, எப்போது கூப்பிட வேண்டும் என்பதை அவர்களின் மருத்துவர்தான் குறித்துக் கொடுப்பார்.

புதிதாக வாங்குபவர்கள் அலைக்கோடு காட்டும் திரை உள்ளதாக, குழந்தை விரலுக்கென்று செய்ததாகப் பாருங்கள். PI என்ற எண்ணும் இருந்தால் நல்லது. விரலில் துடிப்பு எவ்வளவு பலமாகக் கிடைக்கிறது என்பதை அது சொல்லும். எங்கள் கருவியில் அது 0.3-க்குக் கீழே போனால் ரீடிங்கை நான் எடுத்துக்கொள்வதில்லை.

மருத்துவருக்குப் போன் செய்யும்போது நான் எண்ணில் ஆரம்பிப்பதில்லை. "மூச்சு நிமிஷத்துக்கு 48, விலாவுக்குக் கீழே குழி விழுது, தண்ணி குடிக்கிறான், உதடு சிவப்பாத்தான் இருக்கு, ஆக்சிஜன் 95, நாடி 140" என்று இந்த வரிசையில் சொல்வேன். பெரும்பாலும் 95-க்கு வருவதற்கு முன்பே "கூட்டிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார்.