பதினாறு மில்லி வினாடியும் நூறு மணி நேரமும்: ஒரே கார்டில் இரண்டு அப்ஸ்கேலிங்

கூடலூர் நண்பர் போன வாரம் போனில் கேட்டது இது: "கேம்ல சின்னப் படத்தைப் பெருசாக்கி அந்த நொடியே காட்டுது. அதே கார்டுல அப்பா அம்மா கல்யாண வீடியோவைப் பெருசாக்க மட்டும் ஏன் நாள்கணக்குல ஓட்டணும்? அவ்வளவு நேரம் ஓடினா இன்னும் நல்லா வரணும்ல?" வர வேண்டும் என்றுதான் யாருக்கும் தோன்றும். கோத்தகிரியில் என் வீட்டு ஆர்டிஎக்ஸ் 3060 கிராஃபிக்ஸ் கார்டு சில வருடங்களாக இந்த இரண்டு வேலையையும் செய்கிறது. போனில் சொல்லி முடியாது என்பதால் எழுதுகிறேன்.

முதலில் கேம். என் மானிட்டர் 1440p. சின்னப் படத்தைப் பெரிதாக்கும் வசதியான டிஎல்எஸ்எஸ்ஸை ‘குவாலிட்டி’யில் வைத்தால் கார்டு உண்மையில் வரைவது 960 வரி உயரப் படம்தான், அதாவது மொத்தப் பிக்சலில் சுமார் 44 சதவீதம். நொடிக்கு 60 ஃப்ரேம் வேண்டுமென்றால் ஒரு ஃப்ரேமுக்குக் கிடைப்பது 16.7 மில்லி வினாடி. அதில் பெரும்பகுதி படம் வரையவே போய்விடும், பெரிதாக்கும் வேலைக்கு மிஞ்சுவது ஒன்றிரண்டு மில்லி வினாடி. இவ்வளவு அவசரத்தில் செய்தும் தூரத்து மின்கம்பி அறுபடாமல் ஒரே கோடாகத் தெரிகிறது.

காரணம், கேம் டிஎல்எஸ்எஸ்ஸுக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. ஒவ்வொரு ஃப்ரேமிலும் கேமரா ஒரு பிக்சலுக்கும் குறைவான அளவு வேண்டுமென்றே நகர்த்தப்படுகிறது. அதனால் அதே கம்பி ஒவ்வொரு முறையும் சற்றே வேறு புள்ளிகளில் பதிவாகிறது. ஒவ்வொரு பிக்சலும் போன ஃப்ரேமில் எங்கே இருந்தது என்ற நகர்வுக் கணக்கும், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற ஆழக் கணக்கும் கூடவே வருகின்றன. பல ஃப்ரேம்களில் நிஜமாக வரைந்த புள்ளிகளை அது ஒன்றுசேர்க்கிறது. ஊகம் உண்டு, ஆனால் கொஞ்சம்தான்.

வீடியோ கோப்பில் இது எதுவும் கிடையாது. கையில் இருப்பது கேசட்டிலிருந்து எடுத்த டிவிடி, 720x576. படம் எடுத்தாகிவிட்டது, அமுக்கியும் ஆகிவிட்டது. கேமரா எப்படி அசைந்தது, யார் முன்னால் நின்றார், யார் பின்னால் நின்றார் என்று கேட்க ஆளில்லை. எல்லாவற்றையும் படத்தைப் பார்த்தே ஊகிக்க வேண்டும். ஊகம் நன்றாக இருக்க வேண்டுமென்றால் பெரிய நியூரல் நெட்வொர்க் வேண்டும், பெரிய நெட்வொர்க் என்றால் நேரம் பிடிக்கும். வீடியோவை ஃப்ரேம் ஃப்ரேமாகப் படங்களாக்கி ‘in’ ஃபோல்டரில் வைத்து நான் ஓட்டுவது இது:

```
realesrgan-ncnn-vulkan -i in -o out -n realesrgan-x4plus
```

என் கார்டில் ஒரு ஃப்ரேமுக்குச் சுமார் இரண்டு வினாடி ஆகிறது. இரண்டு மணி நேரக் கல்யாண வீடியோ என்றால் நொடிக்கு 25 வீதம் 1,80,000 ஃப்ரேம். மொத்தம் நூறு மணி நேரம். ஜூன், ஜூலை காற்றில் எங்காவது மரம் சாய்ந்து கரண்ட் போகாமல் இந்த ஊரில் நூறு மணி நேரம் தாண்டாது. அதனால் ஐந்து நிமிடத் துண்டாக, 7,500 படங்களாகப் பிரித்து ஓட்டுகிறேன். ஒரு துண்டுக்கு நாலு மணி நேரத்துக்குச் சற்று மேல். பாதியில் நின்றாலும் முடிந்த படங்கள் ஃபோல்டரில் இருக்கும்.

சரி, காத்திருந்து வந்தது என்ன? இங்கேதான் எனக்கு இன்றுவரை கோபம். நிறுத்திப் பார்த்தால் பிரமாதம். பட்டுப்புடவை ஜரிகையில் ஒவ்வொரு இழையும் தெரியும். ஓடவிட்டால் அந்த ஜரிகை எறும்பு மொய்ப்பது போல நெளிகிறது. இந்த மாடல் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகப் பார்ப்பதால், இந்த ஃப்ரேமில் போட்ட இழைக்கும் அடுத்த ஃப்ரேமில் போடும் இழைக்கும் சம்பந்தமில்லை. பின்வரிசை முகங்கள் இன்னும் மோசம். பத்துப் பதினைந்து பிக்சல் அகலமே இருந்த பாட்டி முகத்துக்கு மெழுகு பூசி, வேறு யாரோ ஒரு பெண்மணியின் கண்ணை வைத்துவிட்டது. விளம்பரங்களில் நிறுத்திய படத்தை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டுவதை நம்பாதீர்கள். ஐந்து நொடியை வெட்டித் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். அக்கம்பக்கத்து ஃப்ரேம்களைச் சேர்த்துப் பார்க்கும் மாடல்களில் நெளிவு குறைவு, ஆனால் பாட்டியை அவையும் திருப்பித் தராது.

நியாயமாகச் சொன்னால் கேமிலும் குறை உண்டு. எனக்கு அது பனிமூட்டத்தில் தெரிகிறது. மூட்டம், புகை, மழைத் துளி போன்ற ஊடுருவித் தெரியும் பொருட்களுக்குப் பெரும்பாலும் நகர்வுக் கணக்கு எழுதப்படுவதில்லை. அதனால் மூட்டத்துக்குள் கார் போனால் பின்விளக்குக்கு வால் முளைக்கும். 2025 ஜனவரியில் டிஎல்எஸ்எஸ்ஸுக்கு வந்த புது மாடலில் இது நன்றாகக் குறைந்தது, பதிலுக்கு என் கார்டில் சில ஃப்ரேம் போனது. கல்யாண வீடியோவிலும் பந்தலுக்குள் மூட்டம் நுழைகிற காட்சி இருக்கிறது. டிவிடி அமுக்கத்தில் அது கட்டம் கட்டமாகி, அப்ஸ்கேலர் அந்தக் கட்டங்களைச் சுவர்ப்பூச்சு என்று நினைத்துக் கூர்மையாக்கியிருக்கிறது.

இன்னொரு வருத்தம், கேசட்டை மாற்றிக் கொடுத்த ஸ்டுடியோ மேல். கேசட் நொடிக்கு 50 அரைப்படங்களாக, அதாவது ஃபீல்டுகளாக, பதிவாகியிருக்கும், ஒற்றை வரிகள் ஒரு முறை, இரட்டை வரிகள் ஒரு முறை. அவர்கள் எங்கள் இரண்டாவது கேசட்டில் அந்த இரண்டு அரைப்படத்தையும் கலந்து ஒன்றாக்கிவிட்டார்கள். கண்டுபிடிப்பது சுலபம். தவில்காரர் கை வேகமாகப் போகும் இடத்தில் நிறுத்துங்கள். கை ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி கோடு தெரிந்தால் நல்லது, இரண்டும் பத்திரமாக இருக்கின்றன. மங்கலாக இரண்டு கை தெரிந்தால் கலந்தாயிற்று, நூறு மணி நேரம் ஓட்டினாலும் பிரிக்க முடியாது.

சீப்புப் பல் தெரிந்த முதல் கேசட்டில்தான் எதிர்பாராத சந்தோஷம் கிடைத்தது. கீழே உள்ள வேலை வீடியோ ஓடும் நேரத்துக்குள்ளேயே முடிந்துவிடுகிறது:

```
ffmpeg -i kalyanam.vob -vf "bwdif=mode=send_field,scale=1440:1080:flags=lanczos,setsar=1" -c:v libx264 -crf 16 -c:a aac kalyanam_50p.mp4
```

ஒவ்வொரு அரைப்படத்தையும் முழுப்படமாக்கி நொடிக்கு 50 ஆகத் தருகிறது. ஜரிகை கூர்மையாக இல்லை. ஆனால் தவிலில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகத் தெரிகிறது, நடப்பவர்கள் நிஜமாக நடக்கிறார்கள். அந்த அசைவு கேசட்டிலேயே இருந்தது, யாரும் கற்பனை செய்யவில்லை. வீட்டில் எல்லோரும் இதைத்தான் திரும்பப் போடச் சொல்கிறார்கள்.

ஆக, நண்பருக்கு என் பதில்: கேமுக்காகக் கார்டு வாங்குங்கள், கண்ணை மூடிக்கொண்டு டிஎல்எஸ்எஸ்ஸை ‘குவாலிட்டி’யில் விடுங்கள். வீடியோவுக்காக என்றால் வாங்க வேண்டாம், மேலே உள்ள ஒரு வரி போதும், அதற்கு இந்தக் கார்டே தேவையில்லை. ஆனால் கார்டு ஏற்கெனவே இருந்தால், தாலி கட்டும் ஐந்து நிமிடத்தை மட்டும் இரவில் ஓட்டிப் பாருங்கள். நான் ஓட்டினேன். அம்மா முகம் கேமராவுக்கு நேரே, பெரிதாக இருக்கும் இடம் அது, அங்கே ஊகம் அதிகம் தேவைப்படவில்லை. அந்த நாலு மணி நேரத்தைத் திருப்பிக் கேட்க மாட்டேன்.

கேசட்டை அனுப்பும் முன் ஜன்னலோரம் வைத்து உள்ளே ரீலைப் பாருங்கள். நம் மலை ஈரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கும். அப்படி இருந்தால் பிளேயரில் போடாதீர்கள், ஹெட்டும் கெடும், அடுத்துப் போடும் கேசட்டுக்கும் பரவும். முதலில் சுத்தம் செய்பவரிடம் கொடுங்கள், அப்படியே "ஃபீல்டைக் கலக்காமல் எடுத்துக் கொடுங்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.