சங்கத்தைக் கலைக்கத் தீர்மானம் எழுதித் தருகிறோம் என்றார்கள், 38,500 ரூபாய் போனது

போன வாரம்தான் பதிவாளர் அலுவலகத்திலிருந்து எங்கள் கலைப்புக் கோப்பு திரும்பி வந்தது. கோபம் அடங்குவதற்குள் எழுதிவிடுகிறேன், நாளைக்கு எழுதினால் பாதியை விட்டுவிடுவேன்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் தெருவில் ஒரு வாசகர் மன்றம். பதிவு செய்த சங்கம், முப்பது வருடத்துக்கு மேல் ஓடியது. கட்டட உரிமையாளர் இடத்தைக் கேட்கிறார், படிக்க வருகிறவர்கள் நாலைந்து பெரியவர்கள்தான், புதிதாக யாரும் சேரவில்லை. இழுத்து மூடிவிட்டுப் போகாமல் முறைப்படி கலைத்துவிடுவோம் என்று நிர்வாகக் குழுவில் முடிவு செய்தோம். நான் செயலாளர். இதெல்லாம் எனக்குப் புதிது, யாரைக் கேட்பது என்றும் தெரியவில்லை. அப்போதுதான் சங்கப் பதிவு, ஆண்டுக் கணக்கு, கலைப்பு எல்லாம் செய்து தருகிறோம் என்று விளம்பரம் போடும் ஒரு ஆன்லைன் ஆவணச் சேவையைப் பிடித்தேன். பெயரைப் போடவில்லை, எந்த வகை ஆட்கள் என்று தெரிந்தால் போதும்.

போனில் பேசியவர் என்னிடம் துணைவிதிகளின் படத்தை அனுப்பச் சொன்னார். அனுப்பினேன். பத்து நிமிடத்தில் திரும்பக் கூப்பிட்டு, "ஐயா, உங்க துணைவிதியில கலைப்பைப் பத்தி ஒரு வரிகூட இல்ல, அதனால தீர்மானத்த ரொம்ப கவனமா எழுதணும்" என்றார். அந்த ஒரு வாக்கியத்தில்தான் விழுந்தேன். உண்மையிலேயே இல்லைதான். படித்துப் பார்த்துப் பேசுகிற ஆள் என்று நினைத்தேன். "எங்க தாத்தாவும் ஊர்ல இப்படி ஒரு படிப்பகம் வச்சிருந்தார் ஐயா, புத்தகத்தோட அருமை எனக்குத் தெரியும், நீங்க கவலையே படாதீங்க" என்று வேறு சொன்னார். கூட்ட அறிவிப்பு, தீர்மானம், சொத்தை விற்றுக் கடனைத் தீர்க்க ஒரு லிக்விடேட்டர், பதிவாளர் அலுவலகத்தில் தாக்கல் எல்லாம் சேர்த்து 38,500. முதலில் 20,000, கூட்டம் முடிந்ததும் 18,500. இரண்டும் மன்றத்தின் பணம், சந்தாப் பணம். போன வழியைப் பார்த்தால் ஒரு தனி ஆளின் கணக்கு, நிறுவனத்தின் பெயர்கூட இல்லை. அப்போதே உறைத்திருக்க வேண்டும், உறைக்கவில்லை.

அவர்கள் எழுதிக் கொடுத்த அறிவிப்பை அப்படியே 64 பேருக்கும் தபாலில் அனுப்பினேன். "ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம். பொருள்: வரவு செலவு, இதர விஷயங்கள்." கலைப்பு அந்த "இதர"வுக்குள் இருந்ததாம். புதுச்சேரியில் சங்கங்களுக்கு 1860ஆம் ஆண்டு சங்கப் பதிவுச் சட்டம். அதில் கலைப்புக்கென்றே கூட்டிய பொதுக்கூட்டத்தில்தான் கலைக்க முடியும் என்று இருக்கிறது. வரவு செலவு பார்க்க வாருங்கள் என்று கூப்பிட்டுவிட்டு, வந்த இடத்தில் மன்றத்தைக் கலைக்கிறோம் என்றால் அது செல்லாது. வராமல் போன ஒருவர், "எனக்கு இது தெரிஞ்சிருந்தா வந்திருப்பேனே" என்று கேட்டால் என்னிடம் பதில் கிடையாது. ஒருவர் கேட்டும்விட்டார்.

அடுத்தது எண்ணிக்கை. இங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது, ஏனென்றால் நாங்கள் எண்ணிக்கையில் ஜெயித்தோம், அதைக் காகிதத்தில் தோற்கடித்தார்கள். சட்டம் கேட்பது வந்தவர்களில் பெரும்பான்மை கிடையாது, உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கு. நேரிலும் போடலாம், பதிலாள் மூலமும் போடலாம். அந்த "உறுப்பினர்" யார் என்பதற்கும் அதே சட்டத்தில் வரையறை இருக்கிறது, மூன்று மாதத்துக்கு மேல் சந்தா பாக்கி வைத்திருப்பவர் ஓட்டுப் போடவும் முடியாது, கணக்கிலும் வரமாட்டார். எங்கள் பதிவேட்டில் 64 பெயர். அதில் 5 பேர் காலமாகிவிட்டார்கள், பெயரை யாரும் நீக்கவில்லை. 14 பேர் பாக்கி. மிச்சம் 45 பேர். அதில் ஐந்தில் மூன்று 27. அன்றைக்கு 31 பேர் நேரில் வந்தார்கள், 4 பேர் பதிலாள் கடிதம் கொடுத்தார்கள், 29 பேர் கலைப்புக்குக் கை தூக்கினார்கள். 27 போதும், 29 இருந்தது.

ஆனால் அவர்கள் எழுதிய தீர்மானத்தில் இந்த எண்களில் ஒன்றுகூட இல்லை. "கலந்துகொண்ட உறுப்பினர்கள் பெரும்பான்மையாக ஏற்றுக்கொண்டனர்" என்று ஒரே வரி. சந்தா பாக்கிப் பட்டியல் இணைக்கவில்லை, காலமானவர்கள் விவரம் இல்லை. அந்தக் காகிதத்தைப் பார்க்கிறவர் பதிவேட்டைப் புரட்டி 64 என்று எடுத்துக்கொண்டால் தேவை 39. 29 எங்கே, 39 எங்கே? போதாக்குறைக்கு, தீர்மானத்தின் தலையில் "தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975" என்று போட்டிருந்தார்கள். அது கடலூருக்கு, எங்களுக்கு இல்லை. வேறு யாருக்கோ எழுதியதை எடுத்துப் பெயரை மாற்றியிருக்கிறார்கள். மூன்றாவது பக்கத்தில் "எமது கபடிக் கழகத்தின்" என்று மாற்றாமலே விட்ட ஒரு வரியும் இருந்தது. கையெழுத்துப் போடும்போது நான் கடைசிப் பக்கத்தை மட்டும் பார்த்தேன்.

லிக்விடேட்டர் கதைக்கு வருகிறேன். கலைப்பாளர் என்று தமிழில் எழுதலாம், வங்கியில் எல்லாரும் லிக்விடேட்டர் என்றுதான் சொல்கிறார்கள். கம்பெனிகளுக்கு மாதிரி இந்தச் சட்டத்தில் லிக்விடேட்டருக்கென்று தனி விதி கிடையாது. துணைவிதியில் இருந்தால் அதன்படி, இல்லையென்றால் நிர்வாகக் குழு எது சரியென்று பார்க்கிறதோ அப்படி. அதனால் அவருக்கு என்ன அதிகாரம், எதைச் செய்யக்கூடாது என்று தீர்மானத்திலேயே எழுதினால்தான் உண்டு. இவர்கள் தங்கள் ஆளையே லிக்விடேட்டராகப் போட்டிருந்தார்கள். சொத்துகளைத் "தக்க விலைக்கு" விற்கலாம், வங்கிக் கணக்கைத் தனிக் கையெழுத்தில் இயக்கலாம், விற்ற தொகையில் பத்து சதவீதம் அவருக்கு. கணக்கை யாரிடம், எப்போது ஒப்படைக்க வேண்டும் என்று எங்கேயும் இல்லை. அதாவது 38,500க்கு மேல் இதுவும்.

கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் காலையில் மன்றத்து வாசலில் ஒரு மினி லாரி. நாலு இரும்பு பீரோ, புத்தகம் எல்லாம் ஏற்ற வந்திருக்கிறோம் என்று இரண்டு பையன்கள். புத்தகம் கிலோ கணக்காம். எங்கள் நூலகர் எழுபத்தெட்டு வயது, தபால் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர், அவர்தான் கதவை மறித்து நின்றார். காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் பேரம் பேசி ஒவ்வொன்றாக வாங்கிய புத்தகங்கள் அவை, அட்டை கிழிந்தால் அவரே காக்கித்தாள் ஒட்டி, முதுகில் மசியில் எண் எழுதியிருப்பார். "தம்பி, எந்தப் புத்தகம் எவ்வளவுன்னு பட்டியல் போட்டு, உறுப்பினர்கள் ஒத்துக்கிட்டு, அப்புறம் வாங்க" என்றார். பையன்கள் போனில் யாரிடமோ கேட்டுவிட்டுப் போய்விட்டார்கள். அன்றைக்கு அவர் மட்டும் இல்லையென்றால் இன்று எழுத எனக்குத் தெம்பு இருந்திருக்காது.

எல்லாவற்றையும்விடப் பெரிய தப்பு கடைசிப் பத்தியில். "கடன்கள் தீர்த்தபின் மீதியுள்ள தொகை உறுப்பினர்களுக்குச் சமமாகப் பிரித்தளிக்கப்படும்." கேட்க நன்றாக இருக்கும், கூட்டத்தில் சிலர் தலையும் ஆட்டினார்கள். ஆனால் சட்டம் அதை நேரடியாகவே தடுக்கிறது. கலைத்தபின் மிஞ்சுவது உறுப்பினர்களுக்குப் போகக்கூடாது, வேறொரு சங்கத்துக்குப் போக வேண்டும். எந்தச் சங்கம் என்பதைக் கலைக்கும் நேரத்தில், வந்திருக்கும் உறுப்பினர்களில் ஐந்தில் மூன்று பங்கினர் ஓட்டுப் போட்டு முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்யாமல் விட்டால் நீதிமன்றம்தான் முடிவு செய்யும். எங்கள் கையில் வங்கியில் 1,12,640 ரூபாய், கட்டடத்துக்குக் கொடுத்த முன்பணம் 20,000. வாடகையும் மின்கட்டணமும் போக மிச்சத்தைப் பக்கத்துத் தெருவில் ஒரு மாலைநேரப் பாடசாலை நடத்தும் சங்கத்துக்குக் கொடுக்கலாம் என்று நாங்களே பேசி வைத்திருந்தோம். அதை அந்த ஆளிடமும் சொன்னேன். "அதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் ஐயா" என்றார். அப்புறம் என்பதே கிடையாது, அந்தக் கூட்டத்திலேயே முடித்திருக்க வேண்டும்.

பதிவாளர் அலுவலகத்தில் கோப்பைத் திருப்பிக் கொடுத்தபோது இந்த விஷயங்களைத்தான் சுட்டிக்காட்டினார்கள், அவர்கள் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. உடனே அந்தச் சேவைக்குப் போன் போட்டேன். "டீம் பார்த்துட்டு இருக்காங்க ஐயா." மறுநாள், "சீனியர் லீவுல இருக்கார்." அதற்கடுத்து ஒரு பெண் எடுத்து, தீர்மானத்தை வாசித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டது நீங்கள்தானே என்று கேட்டார். தாத்தாவின் படிப்பகத்தைப் பற்றிப் பேசியவர் என் எண்ணையே தடுத்துவிட்டார். திருத்தித் தர இன்னொரு 12,000 ஆகும் என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. 38,500 வாங்கிக்கொண்டு செல்லாத காகிதம் கொடுத்துவிட்டு, செல்லுகிற காகிதத்துக்கு 12,000!

எப்படிச் செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதலாம் என்றுதான் ஆரம்பித்தேன், இப்போது நேரமில்லை, இன்றிரவு புது அறிவிப்பை எழுதி முடிக்க வேண்டும். அவசரமாகச் சொல்வது இவ்வளவுதான். அறிவிப்பில் "சங்கத்தைக் கலைப்பது குறித்து" என்று பச்சையாக எழுதுங்கள், உங்கள் துணைவிதி எத்தனை நாள் முன்னால் கேட்கிறதோ அத்தனை நாள் கொடுங்கள். கூட்டத்துக்கு முன்னால் பதிவேட்டைச் சுத்தம் செய்து, மொத்தம் எத்தனை, பாக்கி எத்தனை, தகுதி எத்தனை, ஆதரவு எத்தனை, எதிர்ப்பு எத்தனை என்று எண்ணோடு நடவடிக்கைப் புத்தகத்திலேயே எழுதுங்கள், தனித்தாளில் வேண்டாம். லிக்விடேட்டர் உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கட்டும், கணக்கில் இரண்டு கையெழுத்து இருக்கட்டும், பொருள் பட்டியலும் குறைந்தபட்ச விலையும் தீர்மானத்தோடு இருக்கட்டும், இறுதிக் கணக்கைக் கொடுக்கத் தேதி போடுங்கள். மீதி எந்தச் சங்கத்துக்கு என்று பெயரோடு அன்றே ஓட்டெடுங்கள். தனி ஆள் கணக்குக்குப் பணம் அனுப்பாதீர்கள். ரசீது கேளுங்கள். நான் 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லியிருக்கிறேன், 38,500க்கும்.

45 பேருக்கும் திரும்பத் தபால் போட வேண்டும். நூலகர் பீரோச் சாவியைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டிருக்கிறார், கூட்டம் முடியும்வரை கழற்ற மாட்டாராம்.